நாற்பது போத்தல் எண்ணெயை இலண்டனுக்கு அனுப்புவதற்கு முன்

கேள்வி: நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய கூந்தல் எண்ணெயும், குழந்தைகளுக்கான நலங்கு மாவும் வீட்டிலேயே செய்து விற்கிறேன். 100 மில்லி எண்ணெய் இங்கே 25 ரிங்கிட். எனக்கு அடக்கம் 9.50. இலண்டனில் இருக்கும் என் நாத்தனாரும் அவருக்குத் தெரிந்த குடும்பங்களும் 40 போத்தல் கேட்கிறார்கள். சிங்கப்பூரிலும் கேட்கிறார்கள். கூரியரில் ஒரு போத்தலுக்கு 110 ரிங்கிட், ஆறு கிலோ பெட்டிக்கு 480 ரிங்கிட் என்றார்கள். அன்பளிப்பு என்று எழுதி அனுப்பினால் வரி வராது என்று ஒருவர் சொன்னார். லேபிளில் என்ன எழுத வேண்டும், என்ன விலை வைக்கலாம்?
– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அன்பளிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் நாத்தனாருக்குச் சிக்கல் வரும். பிரிட்டனில் 39 பவுண்டுக்கு உட்பட்ட அன்பளிப்புக்கு இறக்குமதி வரி இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தச் சலுகை, ஒரு தனிமனிதர் இன்னொரு தனிமனிதருக்குப் பணம் வாங்காமல் அனுப்பும் பொருளுக்கு மட்டுமே உரியது. காசு வாங்கிக்கொண்டு அனுப்பும் போத்தலை அன்பளிப்பு என்று எழுதுவது சுங்கத்திடம் கொடுக்கும் பொய் வாக்குமூலம். ஒரே மாதிரி லேபிள் ஒட்டிய நாற்பது போத்தல்களைப் பெட்டியைத் திறந்து பார்க்கும் எந்த அதிகாரியும் அன்பளிப்பு என்று நம்பமாட்டார்.

இனி உள்ளூர் நிலவரம். நம் நாட்டில் முகத்துக்கும் முடிக்கும் உடம்புக்கும் பூசும் பொருள் எதுவானாலும், 1984-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனக் கட்டுப்பாட்டு ஒழுங்குமுறையின் கீழ் வருகிறது. விற்பதற்கு முன்பே தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பில் QUEST3+ என்ற இணைய முறை வழியாக அறிவிக்கை செய்து, NOT என்று தொடங்கி K என்று முடியும் எண்ணைப் பெற வேண்டும். நம்மவர்கள் ‘கேகேஎம் நம்பர்’ என்று சொல்வது இதைத்தான். உங்கள் கடிதத்தில் அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இல்லாமல் விற்கிறீர்கள் என்றால் இலண்டனுக்கு முன்னால் இங்கேயே சரிசெய்ய வேண்டியது இருக்கிறது. தயாரிக்கும் இடம் அழகுசாதனப் பொருட்களுக்கான நல்ல தயாரிப்பு நடைமுறைக்கு உட்பட வேண்டும் என்பதால், சோறு சமைக்கும் அடுப்படியில் காய்ச்சிய எண்ணெய்க்கு அந்த எண் கிடைக்காது. தோட்டத்து வீட்டில் தனி அறை கட்டுவதைவிட, ஈப்போவிலோ கிள்ளான் பள்ளத்தாக்கிலோ உரிமம் பெற்ற ஒரு தயாரிப்பாளரிடம் உங்கள் செய்முறையைக் கொடுத்துக் காய்ச்சி வாங்குவதே தொடக்கத்தில் சிக்கனமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்போதும் மூலிகைத் தேர்வும் பதம் பார்ப்பதும் உங்கள் கையில் இருக்கட்டும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நலங்கு மாவை இப்போதைக்கு வெளிநாட்டுக்கு எடுக்காதீர்கள். மனம் வருந்தித்தான் சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டுத் தாய்மார்கள் அதிகம் கேட்பது அதைத்தான். பாசிப்பயறும் காய்ந்த ரோஜா இதழும் பூலாங்கிழங்கும் அரைத்த மாவில் நுண்ணுயிர் எண்ணிக்கை இயல்பாகவே அதிகம். சாதாரண அழகுசாதனப் பொருளுக்கு ஒரு கிராமில் 1,000 வரை அனுமதிக்கும் சர்வதேசத் தரம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானது என்றால் 100-க்கு மேல் அனுமதிப்பதில்லை. வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்த மாவு அந்த அளவுக்குள் நிற்பது மிகக் கடினம். எண்ணெயில் தண்ணீர் இல்லாததால் கிருமி வளர வழியில்லை. ஆகவே சோதனையும் எளிது, செலவும் குறைவு. ஒரே பொருள், ஒரே அளவு, 100 மில்லி கூந்தல் எண்ணெய் என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பிரிட்டனில் ஒரு கூந்தல் எண்ணெயை விற்க வேண்டுமானால், அந்த நாட்டில் வசிக்கும் ஒருவரோ அங்கே பதிவான ஒரு நிறுவனமோ அந்தப் பொருளுக்குச் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும். அவரைப் பொறுப்பாளர் என்று சட்டம் அழைக்கிறது. அவருடைய பெயரும் பிரிட்டன் முகவரியும் ஒவ்வொரு போத்தலிலும் அச்சாக வேண்டும். பொருளின் முழு விவரக் கோப்பையும், கடைசித் தொகுதி விற்பனைக்கு வந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகள் அவர் வைத்திருக்க வேண்டும். யாருக்காவது தலையில் அரிப்போ கொப்புளமோ வந்தால் அதிகாரிகள் தட்டுவது அவருடைய கதவைத்தான். நாத்தனார் இதற்குச் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். நாத்தனார் ஆயிற்றே, மறுக்கமாட்டார் என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள். குடும்பத்துக்குள் மனக்கசப்பு வருவது இப்படித்தான். அவருக்கு விருப்பமில்லை என்றால் கட்டணம் வாங்கிக்கொண்டு பொறுப்பேற்கும் நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. அந்தக் கட்டணம் ஆண்டுதோறும் உங்கள் விலையில் ஏறும்.

பொறுப்பாளர் கிடைத்த பிறகு, தகுதி பெற்ற பாதுகாப்பு மதிப்பீட்டாளர் ஒருவர் உங்கள் எண்ணெயை ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். அதன் பிறகே பொறுப்பாளர் அரசின் இணையத்தளத்தில் பொருளை அறிவிக்க முடியும்; அறிவிப்பதற்குக் கட்டணம் இல்லை. கடினமான இடம் மதிப்பீட்டாளர் கேட்கும் விவரங்கள்தான். ‘ஒரு கைப்பிடி கறிவேப்பிலை’ என்பதை அவர் ஏற்கமாட்டார். எத்தனை கிராம் எண்ணெய்க்கு எத்தனை கிராம் இலை, பச்சையா, காய்ந்ததா, எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் காய்ச்சினீர்கள் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். மூலிகையின் தாவரவியல் பெயரும் வேண்டும். கரிசலாங்கண்ணி என்று நாம் சொல்வதில் வெள்ளைப் பூ பூப்பது ஒன்று, மஞ்சள் பூ பூப்பது வேறொன்று. இரண்டும் வெவ்வேறு தாவரங்கள். உங்கள் வேலியோரத்தில் நீங்கள் பறிப்பது எது என்பதைப் பூவோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புழுவெட்டுக்காக ஊமத்தை இலைச் சாறு சேர்க்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. ஊமத்தை இனத்தைச் சேர்ந்த டாட்டுரா ஸ்டிராமோனியம் பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அழகுசாதனப் பொருட்களில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. உங்கள் செய்முறையில் ஊமத்தை எந்த வடிவில் இருந்தாலும் இப்போதே நீக்கிவிடுங்கள்.

பதம் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் ஏற்றுமதிக்கு அது உயிர்நாடி என்பதால் சொல்கிறேன். பச்சை இலையை அரைத்து ஊற்றிக் காய்ச்சும்போது, சடசடப்பு நின்று நுரை அடங்கினால் மட்டும் போதாது. அடியில் இறங்கிய கற்கத்தை விரலில் உருட்டினால் மெழுகு போலத் திரள வேண்டும். அதைத் திரியில் தடவிக் கொளுத்தினால் பொரியாமல் எரிய வேண்டும். பொரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தோடு போத்தலில் அடைத்த எண்ணெய் இரண்டு மாதத்தில் அடியில் கலங்கும், மூடியைத் திறந்தால் சிக்கு வாடை அடிக்கும். இங்கே வாங்குபவர் திரும்பக் கொண்டுவந்து மாற்றிக்கொள்வார். இலண்டனில் வாங்கியவர் தம் தோழிகள் அனைவரிடமும் சொல்லிவிட்டு அடுத்த முறை கேட்காமலே இருந்துவிடுவார்.

குளிர் இன்னொரு பிரச்சினை. சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆலோசனை சொல்லிவந்த ஒரு குடும்பம், சுத்தமான தேங்காய் எண்ணெயில் காய்ச்சியதைக் குறுகிய வாய்ப் போத்தலில் அடைத்து ஜனவரி மாதத்தில் இங்கிலாந்துக்கு அனுப்பியது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நம் ஊரில் காலை நேரத்தில்கூட அது நடப்பதில்லை என்பதால் யாருக்கும் தோன்றவில்லை. போய்ச் சேர்ந்தபோது போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாக நின்றது. கெட்டுப்போய்விட்டது என்று பாதிப் பேர் திருப்பித் தந்தார்கள், மீதிப் பேர் மைக்ரோவேவில் வைத்துப் போத்தலை உருக்கிவிட்டார்கள். நான் முன்கூட்டியே கவனித்துச் சொல்லியிருக்க வேண்டும். அது எனக்கு இன்றும் வருத்தம்தான். நல்லெண்ணெயைக் கலந்தால் உறைவது குறையும். அல்லது அகல வாய் டப்பாவில் அடைத்து, குளிரில் உறையும், வெந்நீரில் வைத்தால் இளகும் என்று லேபிளிலேயே எழுதலாம். எதைச் செய்தாலும் மதிப்பீட்டாளரிடம் போவதற்கு முன் செய்யுங்கள். அறிக்கை உங்கள் செய்முறைக்குக் கொடுக்கப்படுவது. எண்ணெயின் விகிதத்தை மாற்றினால் மறுபடியும் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

லேபிளுக்கு வருகிறேன். பொறுப்பாளரின் பெயர், முகவரி, மலேசியாவில் தயாரிக்கப்பட்டது என்ற குறிப்பு, 100 மில்லி என்ற அளவு, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, தொகுதி எண், எச்சரிக்கைகள், எதற்கான பொருள் என்பது, சேர்மானப் பட்டியல் ஆகியவை வேண்டும். எச்சரிக்கைகளும் பயன்பாடும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அதனுடன் தமிழிலும் எழுதுவது உங்கள் விருப்பம், நான் எழுதச் சொல்வேன். சேர்மானத்தை மட்டும் ஆங்கிலத்திலும் எழுத முடியாது, தமிழிலும் எழுத முடியாது. அழகுசாதனத் துறைக்கென்று வகுக்கப்பட்ட சர்வதேசப் பெயர்களில், எடை அதிகமானது முதலில் வரும்படி எழுத வேண்டும். வெள்ளைக் கரிசலாங்கண்ணியை வைத்து, நல்லெண்ணெய் கலந்த உங்கள் எண்ணெய்க்கு அது ஏறக்குறைய இப்படி அமையும்; இறுதி வடிவத்தை மதிப்பீட்டாளர் உறுதிசெய்வார்:

```
Ingredients: Cocos Nucifera Oil, Sesamum Indicum Seed Oil,
Eclipta Prostrata Extract, Murraya Koenigii Leaf Extract,
Hibiscus Rosa-Sinensis Flower Extract
```

மணத்துக்காக மல்லிகைத் தைலமோ வேறு வாசனைத் தைலமோ சேர்க்காதீர்கள். சேர்த்தால் அதில் உள்ள ஒவ்வாமைப் பொருட்களைத் தனித்தனியாக லேபிளில் எழுத வேண்டிவரும். எளிதில் தீப்பற்றும் சில வாசனைத் தைலங்களைக் கூரியர் நிறுவனமும் ஆயிரம் கேள்வி கேட்டுத்தான் ஏற்கும். தேங்காய் எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் அந்தச் சங்கடம் இல்லை.

லேபிளில் எழுதக் கூடாததும் உண்டு. ‘முடி உதிர்வைக் குணப்படுத்தும்’, ‘பொடுகுக்கு மருந்து’, ‘வழுக்கையில் முடி வளரும்’ என்று எழுதிய மறுகணமே அது அழகுசாதனப் பொருள் என்ற நிலையிலிருந்து மருந்து என்ற நிலைக்குப் போய்விடும். மருந்துக்கு இங்கேயும் அங்கேயும் வேறு சட்டம், வேறு பதிவு, உங்களால் தாங்க முடியாத செலவு. கூந்தலை மென்மையாக்கும், பளபளப்பைத் தரும், வறண்ட தலைக்கு இதமளிக்கும் என்று எழுதலாம். போத்தலில் அடக்கமாக எழுதிவிட்டு வாட்சப் குழுவில் ‘மூன்றே வாரத்தில் புதிய முடி’ என்று போட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது விளம்பரம்தான். நாத்தனாருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

அனுப்பும் செலவில் பலர் ஏமாறுவது பெட்டியின் அளவில். விமானக் கூரியர்கள் உண்மையான எடை, கன அளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான வழக்கம். உங்கள் பிளாஸ்டிக் போத்தல் எண்ணெயும் அட்டைப்பெட்டியும் மெத்தையும் சேர்த்து 150 கிராம் வரும் என்று வைத்தால் நாற்பதும் ஆறு கிலோ. 40-க்கு 30-க்கு 25 சென்டிமீட்டர் பெட்டியில் அடுக்கினால் கன அளவு எடையும் சரியாக ஆறு கிலோதான். அதையே மளிகைக் கடையில் கிடைத்த 50-க்கு 40-க்கு 30 பெட்டியில் போட்டு இடைவெளிக்குச் செய்தித்தாளைத் திணித்தால் பன்னிரண்டு கிலோவுக்குக் காசு கட்டுவீர்கள். போத்தலைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள். விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது எண்ணெய் மூடி வழியே கசியும். மூடிக்குள் அலுமினியத் தாள் முத்திரையைச் சூட்டில் ஒட்டி, ஒரு இரவு முழுதும் தாளின் மேல் தலைகீழாக நிறுத்தி வையுங்கள். காலையில் தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் அந்தப் போத்தல் போகக் கூடாது.

இப்போது விலை. 9.50 உங்கள் அடக்கம் ஆகாது, ஏனென்றால் அதில் உங்கள் உழைப்பு இல்லை. எண்ணெயும் மூலிகையும் 7.00, போத்தல், முத்திரை, லேபிள், பெட்டி 2.50 என்று எடுத்துக்கொள்கிறேன். எரிவாயுவுக்கும் சுத்தம் செய்வதற்கும் 0.50 சேர்க்கிறேன். நாற்பது போத்தலுக்கு இரண்டு நாள் வேலை என்றால், மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்கு வகுத்துப் பார்த்தாலே நாள் ஒன்றுக்கு 65 ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது, போத்தலுக்கு 3.30. சேதாரத்துக்கு 0.70 வைத்தால் உண்மையான அடக்கம் 14 ரிங்கிட். தயாரிப்பாளரிடம் கொடுத்தால் இந்தத் தொகை மாறும், ஆனால் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அதற்குமேல் பாதுகாப்பு அறிக்கை, ஆய்வகச் சோதனை போன்ற ஒரு முறைச் செலவுகள் இருக்கின்றன. கணக்குக்காக அவை 2,400 ரிங்கிட் என்று கொள்வோம்; மதிப்பீட்டாளரிடம் விலை கேட்ட பிறகு சரியான தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். அதை நாற்பது போத்தலின் மேல் ஏற்றினால் போத்தலுக்கு 60 ரிங்கிட். இருநூறு போத்தலின் மேல் ஏற்றினால் 12. உங்கள் முடிவு முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது. ஒரு முறை நாற்பது அனுப்பிப் பார்க்கலாம் என்பதற்கு இந்தத் தொழிலில் இடமில்லை; ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் இருநூறு போத்தல் போகும் என்று நாத்தனார் உறுதியாகச் சொன்னால்தான் அறிக்கைக்குப் பணம் கட்டுங்கள்.

இருநூறு என்றே வைத்துக்கொள்வோம். 14-உம் 12-உம் சேர்ந்து 26. நாத்தனாருக்கு 40 ரிங்கிட்டுக்குக் கொடுத்தால் உங்களுக்கு 14 நிற்கும். கூரியர் 480 ரிங்கிட்டை நாற்பதால் வகுத்தால் 12, ஆக 52. பொருளின் மதிப்பு 135 பவுண்டைத் தாண்டுவதால் பிரிட்டனின் மதிப்புக்கூட்டு வரி 20 விழுக்காடு இறக்குமதியின்போது அனுப்புச் செலவையும் சேர்த்தே விதிக்கப்படும், அது 10.40. சுங்க வேலைக்குக் கூரியர் பெட்டிக்கு 100 ரிங்கிட் கேட்டால் போத்தலுக்கு 2.50. நாத்தனார் கைக்கு வரும்போது 64.90. அவருடைய உழைப்புக்கும் பொறுப்புக்கும் 20 ரிங்கிட்டாவது வேண்டும். ஆக, வாங்குபவர் கொடுக்க வேண்டியது 85 ரிங்கிட். சுங்கத் தீர்வையை இதில் சேர்க்கவில்லை. கூந்தல் பொருட்களுக்கான சுங்கத் தலைப்பு 3305. அதன் கீழ் மலேசியப் பொருளுக்கான விகிதத்தைப் பிரிட்டன் அரசின் இணையப் பட்டியலில் பாருங்கள். பசிபிக் நாடுகளின் சிபிடிபிபி ஒப்பந்தம் 2024 டிசம்பர் 15 முதல் மலேசியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே நடைமுறையில் இருப்பதால், பொருளின் பிறப்பிடத்தை நிரூபிக்க முடிந்தால் தீர்வையில் சலுகை கிடைக்குமா என்பதையும் சுங்க முகவரிடம் கேளுங்கள்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீங்களே நேராக அனுப்பலாமே என்று தோன்றும். 14-உம் 12-உம் 110-உம் சேர்ந்தால் உங்கள் இலாபம் இல்லாமலே 136 ரிங்கிட். அது மட்டுமல்ல, 135 பவுண்டுக்கு மேற்படாத பொட்டலத்தை வெளிநாட்டிலிருந்து நேராக வாடிக்கையாளருக்கு விற்பவர், முதல் விற்பனையிலிருந்தே பிரிட்டனின் மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்ய வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இதுதான் விதி. பெரிய இணையச் சந்தை வழியாக விற்றால் அந்த வரியைச் சந்தையே வசூலிக்கும், ஆனால் தன் கமிஷனையும் எடுத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் நிலையில் மொத்தமாக ஒரு பெட்டி நாத்தனாருக்குப் போவதே சரி.

என்னைக் கேட்டால் சிங்கப்பூரை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். நம் நாட்டைப் போலவே அங்கேயும் ஆசியான் அழகுசாதன விதிகள்தான். இங்கே கேகேஎம் எண்ணுக்காகத் தயாரிக்கும் கோப்பும் சேர்மானப் பட்டியலும் பெரும்பாலும் அப்படியே பயன்படும். பொறுப்பு மட்டும் அங்கேயும் உள்ளூர்க்காரருக்குத்தான்: சிங்கப்பூரில் பதிவான ஒரு நிறுவனம் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அறிவிக்கை செய்ய வேண்டும். சிராங்கூன் சாலையில் உள்ள ஒரு சிறிய கடை முன்வந்தால் போதும். அழகுசாதனப் பொருளுக்கு அங்கே சுங்கத் தீர்வை கிடையாது. 9 விழுக்காடு பொருள் சேவை வரி மட்டுமே. பேருந்திலோ சொந்தக் காரிலோ கொண்டுபோனாலும் விற்பனைக்கான சரக்கை உட்லண்ட்ஸில் அறிவித்தே கொண்டுசெல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் அங்கே உறையாது, அனுப்பும் செலவும் மிகக் குறைவு. அங்கே நாற்பதும் எண்பதும் விற்று வரும்போது, எந்தத் தொகுதி எத்தனை மாதத்தில் வாடை மாறுகிறது என்பது உங்கள் பதிவேட்டில் சேரும். பிரிட்டன் மதிப்பீட்டாளர் கேட்கும் விவரங்களில் அதுவும் ஒன்று.

நாத்தனாரிடம் இந்த வாரமே பேசி இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். தம் பெயரும் வீட்டு முகவரியும் போத்தலில் அச்சாவதற்குச் சம்மதமா? கேட்ட குடும்பங்களில் எத்தனை பேர் 85 ரிங்கிட்டுக்கு ஈடான பவுண்டு கொடுத்து வாங்குவார்கள்? இரண்டாவதற்கு விலையைச் சொல்லியே கேட்கச் சொல்லுங்கள். அடுத்த முறை காய்ச்சும்போது தராசை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, பறித்த இலை, பூ, ஊற்றிய எண்ணெய், வடித்தபின் கிடைத்தது என நான்கையும் எடை போட்டு, தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். அந்த நோட்டில் மூன்று தொகுதிகளின் கணக்கு சேர்ந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். தயாரிப்பாளரிடம் கொடுக்க வேண்டிய செய்முறைத் தாளை அதிலிருந்து தயாரித்துத் தருகிறேன்.